கட்டிலில் இருந்து கக்கூஸ் வரை

குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபி வேலை என்னுடையது. வயசானவர்கள் வீட்டுப் பாதுகாப்புக்கென்று ஒரு பட்டியல் கையில் இருக்கும், சமையலறை, கூடம், குளியலறை என்று அறை அறையாக டிக் போட வேண்டியது. நான் முதலில் அதை எடுப்பதில்லை. எங்கே விழுந்தீங்க, எத்தனை மணிக்கு, அப்போ எதைப் பிடிச்சீங்க என்று கேட்டுவிட்டு அந்த வழியில் அவர்களை நடக்கச் சொல்வேன்.

தனியாக இருக்கும் ஒரு ஆயா, லுங்கித் தறியில் வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், விரல் மூட்டுகள் வீங்கி மடங்காது. விழுந்தது இரண்டு தடவை, இரண்டும் விடியற்காலையில், கட்டிலுக்கும் தோட்டத்துப் பக்கம் இருக்கிற கக்கூஸுக்கும் நடுவில். அதனால் அந்த வழியை மட்டும் சரி செய்தால் போதும் என்று ஆரம்பித்தோம்.

முதலில் கயிற்றுக் கட்டில். உட்கார்ந்தால் நடுவில் தொய்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது, அப்படி இருந்து எழ முழங்கால் இன்னும் அதிகமாகப் பாடுபட வேண்டும். கயிற்றை இறுக்கி, நான்கு காலுக்கும் குழி வெட்டிய மரக்கட்டை வைத்தோம். குழி முக்கியம், வெறும் செங்கல் வைத்தால் கட்டில் நழுவும். பாதம் தரையில் முழுசாகப் பதிந்து, இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் அதுதான் சரியான உயரம்.

எழுந்ததும் "கண்ணு, தலை கிர்ருன்னுது" என்றார். படுத்திருக்கும்போது பிரஷர் 150, நின்று ஒரு நிமிடத்தில் பார்த்தால் 124. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். அதுவரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் நடக்க வேண்டும். தலைமாட்டில், கரண்ட் போனாலும் எரியும் ரீசார்ஜ் பல்பு.

அடுத்தது பின்வாசல், இரண்டு தடவையும் விழுந்த இடம். நிலைப்படியைத் தாண்டி ஒரு சாண் பள்ளத்தில் இறங்க வேண்டும். நடந்து காட்டச் சொன்னபோது அவர் கை தானாகக் கதவைப் பிடித்தது, கதவு ஆடியது, உடம்பும் கூடவே போனது. தடுக்கி விழுந்ததாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்! நிலைச் சட்டத்தில் ஒரு கைப்பிடி திருகினோம், பழைய சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் காரையோடு பெயர்ந்து வந்துவிடும். கைப்பிடி ஒல்லியாக இருந்தால் அவர் விரல் பிடிக்காது, அதனால் ஒன்றேகால் இஞ்ச் பைப், அதன் மேல் சைக்கிள் டியூப் சுற்றினோம். மாட்டியதும் நான் என் முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன், அப்புறம்தான் அவரைப் பிடிக்கச் சொன்னேன். படியின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். இறங்கும்போது அதிகம் வலிக்கிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

கக்கூஸ் தரையில் உட்காரும் வகை. மேலே வைக்கும் ஓட்டை ஸ்டூல் வாங்கியிருந்தார் மகன், ஆனால் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை சரிந்திருந்ததால் ஒரு கால் அந்தரத்தில் ஆடியது. கால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாக மாற்றி, அடியில் ரப்பர் மூடி தேயாமல் இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். பக்கத்துச் சுவரில் ஒரு பிடி. துண்டு போடும் கம்பியைப் பிடிக்கவே கூடாது, அது துண்டைத்தான் தாங்கும்.

தாழ்ப்பாள் விஷயத்தில்தான் சண்டை. கதவு உள்பக்கம் திறக்கிறது, உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். "தாழ் போடாம எப்படிடா" என்று கோபம். கடைசியில் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்து, தாழ்ப்பாளுக்குப் பதில் உள்ளே ஒரு நாடா கட்டினோம், வெளியே இருந்து இழுத்தால் அறுந்துவிடும். கட்டிலருகே கமோடு நாற்காலி வைக்கலாம் என்றேன், அது மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டார். சரி, விட்டுவிட்டேன்.

சமையலறைப் பரண், கூடத்துப் பாய், தேய்ந்த ஹவாய் செருப்பு எல்லாம் சீக்கிரம் முடிந்தது.

விழுந்தால் எப்படி எழுவது என்பதைப் பழக்கியதுதான் கடைசி வேலை. முழங்கால் போட்டு எழுவது அவரால் ஆகாது. அதனால் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து அந்த நிலைப்படிக்கே வந்து, கைகளை ஊன்றி அதன் மேல் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து கைப்பிடியைப் பிடித்து எழ வேண்டும். இடுப்பில் கடும் வலி, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் எழ முயலவே கூடாது, கழுத்தில் தொங்கும் போனில் 108தான். அந்தப் போனில் முதல் பட்டன் பக்கத்து வீட்டு மருமகளுக்கு, பெங்களூரில் இருக்கிற மகனுக்கு அல்ல.