இன்வாய்ஸோடு போன மெயிலில் நான் எழுதியது

அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு கேட்டலாக் டிசைன் செய்து கொடுத்தேன். வேலை வாங்கியவர் மார்க்கெட்டிங் மேனேஜர், பணம் போடுவது அக்கவுண்ட்ஸ். நான் அனுப்பும் மெயில் அங்கே ஃபார்வர்ட் ஆகித்தான் போகும் என்பதால், முதலில் அக்கவுண்ட்ஸுக்கே போன் செய்து பேசினேன்.

"டிடிஎஸ் போக எவ்வளவு வரணும்னு மெயில்லயே போட்டுடுங்க சார். நாங்க வியாழக்கிழமைதான் பேமென்ட் போடுவோம்" என்றார் அங்கிருந்தவர்.

அந்த இரண்டு தகவலும் தங்கம். என் கட்டணம் 60,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி 10,800 சேர்த்தால் இன்வாய்ஸ் தொகை 70,800. என் வருமான வரிக்காக முன்கூட்டியே டிடிஎஸ் 10% பிடிப்பார்கள். ஜிஎஸ்டியை இன்வாய்ஸில் தனியாகக் காட்டியிருந்தால் 60,000-க்கு மட்டும்தான் பிடிக்க வேண்டும், அதாவது 6,000. என் கணக்குக்கு வர வேண்டியது 64,800. மொத்தத் தொகைக்கும் சேர்த்துப் பிடித்துவிட்டால் 7,080 போய்விடும். அதனால்தான் கணக்கை விரித்தே எழுதினேன்:

> பொருள்: இன்வாய்ஸ் 47 – ரூ. 70,800 – கடைசித் தேதி 4.9.2025
>
> வணக்கம் சார். கேட்டலாக் டிசைனுக்கான இன்வாய்ஸை (எண் 47, தேதி 5.8.2025) இணைத்துள்ளேன்.
>
> மொத்தம் ரூ. 70,800. இதில் 60,000-க்கு டிடிஎஸ் ரூ. 6,000 போக, செலுத்த வேண்டியது ரூ. 64,800.
>
> 4.9.2025 வியாழக்கிழமைக்குள் நெஃப்டில் அனுப்புங்கள். வங்கி விவரமும் பான் எண்ணும் இன்வாய்ஸில் உள்ளன. கணக்கு எண் மாறவில்லை. மாறியதாக மெயில் வந்தால் எனக்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.
>
> பணம் அனுப்பியதும் யூடிஆர் எண்ணைத் தெரிவியுங்கள்.

'30 நாளுக்குள்' என்று எழுதினால், இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, அவர்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா என்று பேச்சு வரும். தேதியாகவே போட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆனால் ஒப்புதல் தருபவர் ஆபீஸில் இருக்க வேண்டுமே! அவர்கள் பணம் போடும் கிழமையிலேயே கடைசித் தேதி விழுவது அதனால் ரொம்ப முக்கியம்.

பான் எண் இன்வாய்ஸில் இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அது கம்பெனியிடம் இல்லாவிட்டால் டிடிஎஸ் 20% ஆகிவிடும். பிடிஎஃப்-க்கு என் பெயரும் இன்வாய்ஸ் எண்ணும் வருகிற மாதிரி பெயர் வைத்தேன். அங்கே டவுன்லோட் ஃபோல்டரில் வெறும் 'இன்வாய்ஸ்' என்ற பெயரில் நிறைய கிடக்கும்.

சொன்ன வியாழக்கிழமை 64,800 வந்தது, அந்தப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யூடிஆர் எண்ணும் வந்தது. பிடித்த 6,000 என் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்பதை நவம்பரில் 26ஏஎஸ் படிவத்தில் பார்க்க வேண்டும். செப்டம்பர் காலாண்டுக்கான டிடிஎஸ் கணக்கைக் கம்பெனி தாக்கல் செய்ய அக்டோபர் 31 வரை நேரம் உண்டு.