மாட்டிய கொழுந்து வண்டி விடுபட்டதும் ஏன் பாய்கிறது: வேகக் கட்டுப்பாட்டைத் திருத்திய விபரம்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில், மலையிலிருந்து மடுவத்துக்குக் கொழுந்துச் சாக்கு கொண்டுபோகும் சின்ன ரொபோ வண்டி இது. சுமையோடு 60 கிலோ, 24 வோல்ட் பற்றரி, 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ள இரண்டு ஓட்டுச் சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் கியர் மோட்டாரும், சக்கரம் சுற்றுவதை அளக்கும் என்கோடரும் உண்டு. போகச் சொல்லும் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். கானுக்குக் குறுக்கே கிடக்கும் கல்லில் சக்கரம் மாட்டி நாலு செக்கன் நின்று, யாராவது கல்லை நகர்த்தினால், வண்டி செக்கனுக்கு 1.6 மீற்றரில் பாய்ந்தது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம் என்ற பாதையில் அது சரிவராது.

முதலில் இருந்தது வெறும் பிஐ கன்ட்ரோலர். கேட்ட வேகத்துக்கும் அளந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை; அதை Kp-ஆல் பெருக்கிய பங்கும், Ki-ஆல் பெருக்கிக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போகும் இன்டெக்ரலும் சேர்ந்ததே வெளியீடு. செக்கனுக்கு 100 தடவை ஓடும். Kp 12, Ki 20, வெளியீடு வோல்ட்டில். சமதரையில் 0.5 மீற்றர் வேகத்துக்கு 8.6 வோல்ட் வேண்டும். அந்த 8.6 முழுவதையும் இன்டெக்ரல்தான் சுமந்துகொண்டிருந்தது. சக்கரம் நின்றதும் பிழை 0.5. இன்டெக்ரல் செக்கனுக்கு 10 வோல்ட் வீதம் ஏறி, நாலு செக்கனில் 48.6க்குப் போய்விடும். பற்றரியில் இருப்பதோ 24.

பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. வேகப் பிழையைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது தூரம். நாலு செக்கன் நின்றதில் விட்டுப்போன தூரம் 2 மீற்றர். இன்டெக்ரல் பழைய 8.6க்கு இறங்க வேண்டுமானால், அதே 2 மீற்றரை வண்டி கூடுதல் வேகத்தில் ஓடித் தீர்த்தே ஆக வேண்டும். வேகக் கட்டுப்பாடு என்று நாம் எழுதியது, மாட்டி நின்றபின் தூரத்தைப் பிடிக்க ஓடுகிறது. பதிவில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: விடுபட்டபின் அரைச் செக்கன் அளவுக்கு வெளியீடு 24லேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு வேகம் மெதுவாக 0.5க்கு வடியும். Ki-ஐக் குறைத்தாலும் இந்தக் கடன் 2 மீற்றர்தான்; உச்ச வேகம் குறையலாம், தீர்க்க எடுக்கும் நேரம் நீளும்.

ஆகவே முதல் வேலை, இன்டெக்ரலின் தலையிலிருந்து சுமையை இறக்குவது. அதற்குத்தான் ஃபீட்ஃபார்வர்ட். எவ்வளவு வோல்ட் தேவைப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், பிழை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அளப்பது சுலபம். பெரட்டுக்களம் போலச் சமமான சிமெந்துத் தரையில், கன்ட்ரோலரை நிறுத்திவிட்டு 4, 6, 8, 10 வோல்ட் என்று நேரடியாகக் கொடுத்து, வேகம் நிலைத்தபின் குறித்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் கிடை அச்சிலும் வோல்ட்டை நிலைக்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளி போட்டால் நேர்கோடு வரும். கோடு வோல்ட் அச்சை வெட்டும் இடம் kS, எங்கள் வண்டியில் 1.6. சாய்வு kV, 14. சக்கரத்தைத் தூக்கி வைத்து அளந்தால் உராய்வு குறைவாகக் காட்டும். சாக்கு ஏற்றித் தரையில்தான் அளக்க வேண்டும். ஏற்றத்துக்கு kG: தெரிந்த சாய்வில் அதே வேகத்துக்கு எவ்வளவு கூடுதலாக வேண்டியிருக்கிறதென்று பார்த்து, அதைச் சாய்வின் சைனால் வகுத்தால் வரும். எங்களுக்கு 15. பத்துப் பாகை ஏற்றத்தில் 2.6 வோல்ட் கூடும். இறக்கத்தில் கியரின் உராய்வு நமக்குத் துணை நிற்பதால் அந்த எண் குறையும். மலைப்பாதையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனி kG வைப்பது நல்லது. சாய்வு உணரியின் அளவை அரைச் செக்கன் வடிகட்டியில் விட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலும் மோட்டாருக்குப் போகும்.

kS-இன் குறியை, கேட்ட வேகத்திலிருந்து எடுக்க வேண்டும். அளந்த வேகத்திலிருந்து எடுத்தால் பூச்சியத்துக்கு அருகில் மோட்டார் முன்னும் பின்னும் உதறும்.

அடுத்தது ஆன்டி-வைண்ட்அப். வெளியீடு எல்லையில் முட்டும்போது, கேட்டதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை இன்டெக்ரலுக்குள் திருப்பி அனுப்புவது. எவ்வளவு பலமாகத் திருப்பி அனுப்புவது என்பதை Kb தீர்மானிக்கும், எங்களுக்கு அது 5. நாங்கள் அதிக நேரம் சறுக்கியது இந்த இடத்தில்தான். எல்லையை 24 என்று வைத்தபோது, விடுபட்டபின்னும் வேகம் 0.94 வரை போனது. சூத்திரத்தில் பிழை இல்லை, எல்லைதான் பொய். மோட்டார் டிரைவர் 20 அம்பியருக்கு மேல் விடாது. மோட்டாரின் சுருள் தடை 0.6 ஓம். நின்ற சக்கரத்தில் 20 அம்பியருக்கு 12 வோல்ட் போதும். அதற்கு மேல் கேட்பதை டிரைவர் தானே வெட்டிவிடுகிறது, கன்ட்ரோலருக்கு அது தெரியாது. 24 வரை இடம் இருக்கிறதென்று நம்பி இன்டெக்ரல் 11.4 வரை ஏறிவிட்டது. உண்மையான எல்லை வேகத்தோடு சேர்ந்து மாறுவது. கீழே v_ref கேட்ட வேகம், v அளந்த வேகம், theta சாய்வு, I இன்டெக்ரல், u கேட்கும் வோல்ட், hi-யும் lo-வும் மேல், கீழ் எல்லைகள், u_s அந்த எல்லைக்குள் வெட்டிய வோல்ட்:

```
u_ff = kS*sgn(v_ref) + kV*v_ref + kG*sin(theta)
u    = u_ff + Kp*(v_ref - v) + I
hi   = min( Vbat,  Ilim*R + kV*v)
lo   = max(-Vbat, -Ilim*R + kV*v)
u_s  = clamp(u, lo, hi)
I   += (Ki*(v_ref - v) + Kb*(u_s - u))*dt
```

இப்போது நின்ற நிலையில் கேட்பது 8.6ம் 6ம் சேர்ந்து 14.6, கிடைப்பது 12. இன்டெக்ரல் ஏறுவதற்குப் பதிலாக −0.6இல் போய் நின்றுகொள்ளும். விட்டதும் வேகம் 0.5ஐத் தாண்டவில்லை. மோட்டார் சூடாகித் தடை கூடினாலும் பயமில்லை. குளிர்ந்த நேரத்து 0.6 ஓமை வைத்தால் எல்லை சற்று இறுக்கமாகவே இருக்கும், விசை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். Kb-ஐ மிகக் கூட்டினால் கணநேரம் எல்லையில் முட்டினாலே இன்டெக்ரல் அழிந்துபோய், ஏற்றத்தில் வேகம் பிடிக்கத் தாமதமாகும்.

வேகம் தாண்டாவிட்டாலும், விடுபடும் கணத்தில் 20 அம்பியர் முழு விசை இருப்பதால் வண்டி வெடுக்கென்று கிளம்பிச் சாக்கு சரியும். அதோடு 20 அம்பியரில் ஒரு மோட்டாருக்குள் 240 வாட் சூடு. ஆகையால் 1.5 செக்கனுக்கு மேல் சக்கரம் சுற்றாவிட்டால் v_ref-ஐப் பூச்சியமாக்கி, I-ஐயும் அழித்துவிட்டு, பாதை சரியானபின், ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர் கூடும்படி ஏற்றுகிறோம். ஏற்றத்தில் நிற்கும்போது kG பகுதியை மட்டும் விட்டுவைத்தால் வண்டி பின்னுக்கு உருளாது. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகவே நிறுத்த வேண்டும்; ஒன்று மாட்டி மற்றது சுற்றினால் வண்டி பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும்.

சோதிக்கும்போது அந்த 1.5 செக்கன் காவலை நிறுத்திவிட்டு, வண்டியை ஒரு மரக்கட்டையில் முட்டவைத்து நாலு செக்கன் பிடித்து, கட்டையை இழுத்துவிட்டு v, I, u, u_s நான்கையும் பதியுங்கள். நிற்கும்போது I ஏறிக்கொண்டே போனால், hi தவறு.

மழைக்குச் சேறான பாதையில் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் என்கோடர் 0.5 என்றே காட்டும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் கன்ட்ரோலருக்கு அது மாட்டியதாகவே தெரியாது. ஆனால் ஃபீட்ஃபார்வர்ட் இருப்பதால் I ஒரு துப்புத் தருகிறது. பத்துப் பாகை ஏற்றத்தில் முன்கூட்டிக் கொடுப்பது 11.2 வோல்ட், வெறுமனே சுற்றும் சக்கரத்துக்கு அவ்வளவு வேண்டாம். I −2க்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால், சக்கரம் சேற்றில் வழுக்குகிறதென்று எடுத்து வண்டியை நிறுத்துகிறோம்.