"நான் உனக்காக எவ்வளவு செஞ்சேன்": அம்மாவின் மெசேஜுக்கு சண்டை இல்லாமல் பதில் போட்ட அனுபவம்

மாமா வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். உடனே வந்த பதில் இது: "சரிப்பா, உனக்கு வேலைதான் முக்கியம். வளையலை அடகு வச்சு உனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினேன். அதுக்கெல்லாம் நான் கணக்கு கேட்கலை. நீ நல்லா இரு, அது போதும்."

படித்ததும் நெஞ்சு எரிந்தது. மாதாமாதம் அனுப்பும் பணம், போன தீபாவளிக்குப் போனது எல்லாம் விரல் நுனி வரை வந்துவிட்டது. அதை மட்டும் அனுப்பவே கூடாது. நாம் ஒரு கணக்கு சொன்னால் அங்கிருந்து பத்து கணக்கு வரும், கிரகப்பிரவேசம் எங்கேயோ போய்விடும். சாப்பிட்டுவிட்டு வந்துதான் பதில் போட்டேன்:

"வளையலை வச்சு ஃபீஸ் கட்டினதை நான் மறக்கலைம்மா. நான் வரலைன்னு உனக்கு வருத்தமா இருக்கு, தெரியுது. அன்னைக்கு வர முடியாது. அடுத்த சனிக்கிழமை காலையில வர்றேன், ஞாயிறு ராத்திரிதான் கிளம்புவேன்."

அவர் செய்தது உண்மை, அதனால் அதை முழுசாக ஒத்துக்கொண்டேன். மறுப்பை அதோடு கோர்க்காமல் தனி வாக்கியமாக வைத்தேன். லீவு ஏன் இல்லை என்று விளக்கவும் இல்லை. காரணம் சொன்னால் அதை உடைக்கத்தான் அடுத்த மெசேஜ் வரும். வருகிற நாளைத் தெளிவாகச் சொன்னது முக்கியம். "சீக்கிரம் வர்றேன்" என்பதை அம்மாக்கள் நம்புவதில்லை.

இதோடு முடியும் என்று நினைக்க வேண்டாம். சொன்ன வார்த்தை வழக்கம்போல் நம்மைத் தைக்கவில்லை என்றால் முதலில் அவர்கள் வேகம் கூடும். குடும்ப குரூப்பில் நன்றிகெட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு ஃபார்வர்டு வந்தது, அதற்கு நான் வாயே திறக்கவில்லை. அப்புறம் சித்தி ஃபோனில் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட பேசிட்டேன் சித்தி, சனிக்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தாலும் அன்றே அது வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசியில் "நீ வரவே வேண்டாம்" என்று அம்மா அனுப்பியபோதுதான் ரொம்ப வலித்தது. "நீ கோபமா இருக்கிறது தெரியுதும்மா. டிக்கெட் எடுத்தாச்சு, சனிக்கிழமை பார்ப்போம்" என்று முடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு மெசேஜ் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது.

வளையல் பேச்சு இன்னும் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே நிதானத்தோடுதான் பதில் போட வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் வேறு. "நான் இருந்து என்ன பிரயோசனம்", "செத்துப்போறேன்" என்று வந்தால் தள்ளிப்போடக் கூடாது, மெசேஜில் பதில் போட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது. உடனே ஃபோன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.