சேராதவர்களின் ஃபைலைக் கேளுங்கள்: ஒரு ஆட்சேர்ப்புத் தணிக்கை அனுபவம்

கும்பகோணத்தில் தலைமை அலுவலகம், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் கிளைகள் என்று இயங்கும் ஒரு கடன் நிறுவனத்தில், களப்பணியாளர் ஆட்சேர்ப்பை உள் தணிக்கை செய்து முடித்திருக்கிறோம். முடிந்தது என்பதே பெரிய நிம்மதி. அடுத்து இந்த வேலைக்குப் போகிறவர்களுக்காக, இடறிய இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதல் இடறல் பட்டியல். எச்ஆர் கொடுத்த பட்டியலில் அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் 40 பேர். அதை அப்படியே வாங்கி மாதிரி எடுக்கக் கூடாது. மாதாமாதம் பிஎஃப்புக்கு ஏற்றும் ECR கோப்பில் புதிதாக வந்த பெயர்களை ஒப்பிட்டால் 43 பேர். விடுபட்ட மூவருக்கும் ஃபைலே போடப்படவில்லை. ஃபைல் இல்லாதவர்கள் ஃபைல் பட்டியலில் எப்படி வருவார்கள்?

ஃபைல்கள் வந்தபின் இன்னொரு சங்கடம். சேர்ந்தவர்களின் தாள்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தேர்வு நியாயமாக நடந்ததா என்பது திருப்பி அனுப்பப்பட்டவர்களின் தாளில்தான் தெரியும். அதைக் கேட்டதும் “அதெல்லாம் வச்சிக்கிறதில்ல சார்” என்றார் எழுத்தர். கைகொடுத்தது வாட்ச்மேன் நோட்டு. நேர்காணல் நாளில் உள்ளே வந்தவர்கள் என்று அதில் 22 பெயர். மதிப்பெண் தாள் 9 பேருக்கு மட்டும். கெட்டியாகக் கேட்டபின் மேலும் சில தாள்கள் கிடைத்தன. அவற்றில் பெண்கள் இருவருக்கு மதிப்பெண் கட்டங்கள் காலி, குறிப்பில் “இரவு வசூல் முடியாது” என்று மட்டும். விளம்பரம் கேட்டது பிளஸ் டூவும் டூவீலர் லைசென்ஸும். இருவரிடமும் இரண்டும் இருந்தன. இரவு வசூல் என்ற பேச்சே விளம்பரத்தில் இல்லை. ஆட்சேர்ப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவு. எங்கள் அறிக்கையில் முதலில் நின்றது இதுதான். நிராகரிப்புத் தாளையும் மதிப்பெண்ணோடும் கையெழுத்தோடும் தேதியோடும் வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வாங்கினோம்.

அசல் சான்றிதழ் பார்க்க நாகப்பட்டினம் கிளைக்குப் போனது வீண் அலைச்சல். எல்லாம் கும்பகோணத்தில் இருக்கிறது என்றார்கள். கும்பகோணத்தில் கேட்டால் கிளையில் என்றார்கள். கிளம்புமுன் எந்த ஃபைல் யாரிடம் என்று மெயிலில் உறுதி வாங்கிவிடுங்கள். நகல்களில் ‘அசலுடன் சரிபார்க்கப்பட்டது’ முத்திரை இருந்தது. யார் பார்த்தார், எந்தத் தேதி என்பது இல்லை. அப்படிப்பட்ட முத்திரை செல்லாது. இன்னொன்று: தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர் என்றால் மதிப்பெண் பட்டியல் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்து வரும், பட்டம் பல்கலைக்கழகத்தில் இருந்து வரும். இரண்டையும் ஒரே இடத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு ஃபைலை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். திருவாரூர் கிளையில் 2024 ஜூன் 3 சேர்ந்தவர். ஏஜென்சி அறிக்கையின் தேதி ஜூன் 28. இடைப்பட்ட நாட்களில் வசூல் ரசீதுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. அறிக்கை வரும்வரை ஆளைச் சேர்க்கலாம், பணத்தைத் தொட விடக் கூடாது. அறிக்கையில் முந்தைய வேலை 2021 ஆகஸ்ட் முதல் 2024 மார்ச் வரை, ‘சரி’. யாரிடம் கேட்டார்கள் என்று ஏஜென்சியைத் துருவினால், அழைத்த எண் அவருடைய ரெஸ்யூமில் அவரே கொடுத்த மொபைல் எண். முந்தைய நிறுவனத்தின் அலுவலக எண்ணையோ மெயிலையோ யாரும் தொடவில்லை.

அவர் சம்மதத்தோடு, அவரையே லாகின் செய்யச் சொல்லி, பிஎஃப் தளத்தில் View → Service History பார்த்தோம். வெளியேறிய தேதி 2023 ஜனவரி என்று காட்டியது. உடனே பொய் என்று எழுதிவிடக் கூடாது. வெளியேறிய தேதியை நிறுவனம்தான் பெரும்பாலும் பதிகிறது, அது தப்பாகவும் இருக்கலாம். பாஸ்புக்கில் கடைசிப் பங்களிப்பு மாதத்தையும், வங்கிக் கணக்கில் கடைசிச் சம்பளம் விழுந்த மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே மூன்றும் ஒத்துப்போயின. அவர் சொன்ன தேதிக்கும் இதற்கும் நடுவில் 14 மாதம் காலி.

கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார்: அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊரில் குறுவையும் தாளடியும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இடைவெளி இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, தேதியை நீட்டியிருக்கிறார். தேதியை மாற்றியது தவறு என்று அவர் பதிலோடு பதிவு செய்தோம். ஆனால் முக்கியக் கண்டுபிடிப்பை அவர் தலையில் கட்டவில்லை. அது ஏஜென்சி மீதும், அறிக்கையைப் படிக்காமல் ‘சரி’ பார்த்து ஃபைலில் கோத்த எச்ஆர் மீதும். விண்ணப்பப் படிவத்தில் ‘இடைவெளி இருந்தால் காரணம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கவும், ஏஜென்சி யாரை எந்த எண்ணில் எப்போது அழைத்தது என்று அறிக்கையிலேயே எழுதவும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வாட்ச்மேன் நோட்டை ஆண்டு முடிந்ததும் எடைக்குப் போடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.