மேல்முறையீட்டில் 78 நாள் தாமதம்: நான் எழுதிய மனு

வண்டிப்பாதை வழக்கில் முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பு ஆகஸ்ட் 4 அன்று எனக்கு எதிராக வந்தது. சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். நான் தாக்கல் செய்ததோ டிசம்பர் 2. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் பிரமாணப் பத்திரமும் சேர்த்துக் கொடுத்தால்தான் மேல்முறையீட்டுக்கு எண்ணே கிடைக்கும் என்றார் வக்கீல்.

முதலில் நாட்களைச் சரியாக எண்ணினோம். தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்தி, நகல் மனு போட்ட நாள் ஆகஸ்ட் 14, நகல் தயாரான நாள் ஆகஸ்ட் 25, பெற்றுக்கொண்ட நாள் செப்டம்பர் 1 என்று எழுதியிருந்தது. மனு போட்டதிலிருந்து தயாரானது வரையிலான 12 நாளைக் கழிக்கலாம். தயாரான பிறகு நான் போய் வாங்காமல் இருந்த நாட்களைக் கழிக்க முடியாது. ஆக கடைசி நாள் செப்டம்பர் 15, தாமதம் 78 நாள்.

அப்புறம் காரணம். "மஞ்சள் காமாலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடுங்க, எல்லாரும் அதுதான் செய்வாங்க" என்றார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மாதங்களில் நான் வேலைக்குப் போயிருக்கிறேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான காரணமும் சேர்ந்து போய்விடும்.

நடந்ததை நடந்தபடி மூன்று பத்தியாக எழுதினோம். அம்மாவுக்குப் பக்கவாதம். செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 1 வரை மருத்துவமனை. டிஸ்சார்ஜ் சம்மரி இணைப்பு. நவம்பர் 8 வரை வீட்டில் பிசியோதெரபி, அதற்கு ரசீதுகள். கூடவே, "இக்காலத்தில் அரை நாள் மட்டும் வேலைக்குச் சென்றேன்" என்றும் நானே எழுதச் சொன்னேன்.

கடைசி 24 நாள்தான் சங்கடம். அதற்கு மருத்துவக் காகிதம் எதுவும் இல்லை. நீதிமன்றக் கட்டணத்துக்குப் பணம் இல்லாததுதான் காரணம். நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். அடகு ரசீதில் நவம்பர் 27 என்று தேதி தெளிவாக இருந்தது. அதையும் இணைத்தோம்.

எதிர்தரப்பு எதிருரையில், அக்டோபரில் நான் வேலைக்குப் போனேன், ஆகவே சொன்ன காரணம் பொய் என்றார்கள். எங்கள் வக்கீல் பிரமாணப் பத்திரத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டினார். அந்த வாதம் அங்கேயே நின்றுவிட்டது. அடகு ரசீதை நீதிபதி கையில் வாங்கித் தேதியைப் பார்த்தார்.

எதிர்தரப்புக்கு 2,000 ரூபாய் செலவுத்தொகை இரண்டு வாரத்துக்குள் தரவேண்டும், தராவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்ற நிபந்தனையோடு தாமதம் மன்னிக்கப்பட்டது. மறுநாளே கட்டி, எதிர்தரப்பு வக்கீலிடம் ரசீது வாங்கித் தாக்கல் செய்தோம். அடுத்த வாரம் மேல்முறையீட்டுக்கு எண் விழுந்தது.