ஒன்பது மாதக் குழந்தையின் வயிற்றைத் தொடாதீர்கள்: குமுளியில் ஒரு மாலை

எங்கள் வீட்டிலிருந்து குமுளிச் சோதனைச் சாவடி கூப்பிடு தூரம். வாசலில் நின்றால் கேரளம், கொல்லையில் நின்றால் கைப்பேசியில் தமிழ்நாட்டு டவர். இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த குடும்பம்தான் நாங்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலையோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

கம்பத்திலிருந்து வந்த பன்னீர் திராட்சை ஒரு கிண்ணம் நிறையத் திண்ணையில் இருந்தது. இரண்டரை வயது மூத்தவன் தின்றுகொண்டிருந்தான். பாசம் பொங்கி, ஒன்றை எடுத்து ஒன்பது மாதத் தங்கையின் வாயில் வைத்துவிட்டான். நான் அடுப்படியில் இருந்தேன். என்னைத் திரும்ப வைத்தது சத்தமல்ல, சத்தம் நின்றுபோனது. ஓயாமல் மழலை பேசிக்கொண்டிருப்பவள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இருமல் இல்லை, அழுகை இல்லை. உதட்டைச் சுற்றி வெளுத்து, பிறகு நீலம் பரவத் தொடங்கியது.

ஓடிப்போய்த் தூக்கினேன். என் கை முதலில் போனது அவள் வயிற்றுக்கு. இதை எழுதும்போதும் அந்தக் கையை நினைத்தால் உடம்பு கூசுகிறது. வயிற்றுக்குப் போனதற்குக் காரணம் உண்டு.

மூன்று மாதம் முன்பு மூத்தவனுக்குக் கப்பைக் கிழங்குத் துண்டு தொண்டையில் சிக்கியது. முதலில் நன்றாக இருமினான். இருமிக்கொண்டிருக்கும்வரை காற்று போய்வருகிறது என்று பொருள்; அந்த இருமலைவிட நல்ல வைத்தியம் இல்லை. குனிய வைத்து, பக்கத்தில் இருந்து, இருமவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் அதற்குள் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, வாய்க்குள் விரலையும் விட்டார். விரல் பட்டதும் கிழங்கு இன்னும் உள்ளே போனது, இருமல் சத்தமில்லாமல் ஆனது. நல்லவேளையாகத் தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் சிஸ்டர் அடுத்த வீட்டில் இருந்தார். பையனை முன்பக்கம் நன்றாகச் சாய்த்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. ஒவ்வொன்றும் தனித்தனி அடி. வெளியே வரவில்லை என்றதும் அவன் பின்னால் முழங்காலிட்டு, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழே முஷ்டியை வைத்து, மறுகையால் அதைப் பிடித்து, உள்ளும் மேலுமாக வெடுக்கென்று இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கிழங்கு தரையில் விழுந்தது. என் மனத்தில் அந்த இழுப்பு மட்டும் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது.

அன்றைக்கே சிஸ்டர் சொன்னார்: "வயிற்றை இழுத்திருக்கிறேன், உள்ளே அடிபட்டிருக்கலாம். டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று, இதைச் சின்னவளுக்குச் செய்துவிடாதீர்கள். ஒரு வயது முடியும்வரை வயிற்றைத் தொடவே கூடாது." ஏன் என்று கேட்டேன். கைக்குழந்தையின் ஈரல் உடம்புக்குப் பெரியது, விலா எலும்புக்குள் முழுசாக அடங்காமல் கீழே இறங்கி இருக்கும், அழுத்தினால் கிழிந்துவிடும் என்றார். தலையணை உறையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கைக்குழந்தைக்கான முறையையும் காட்டினார். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்தேன். அரைக்கண்ணால்தான் பார்த்தேன் என்பது இப்போது என்னைக் குடைகிறது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். வயிற்றின்மேல் கை பட்டதும் அந்தத் தலையணை உறை நினைவுக்கு வந்தது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். இடது முன்னங்கையில் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, அந்தக் கையைத் தொடைமேல் தாங்கவைத்தேன். தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தாடை எலும்பைத்தான் விரல்களால் பிடிக்க வேண்டும். தொண்டையின் மெல்லிய பகுதியில் விரல் அழுந்தினால் நாமே மூச்சை அடைத்தவர்கள் ஆவோம். தோள்களுக்கு நடுவில் ஐந்து அடி. பயத்தில் முதல் இரண்டு அடி செல்லத் தட்டாக விழுந்தது. மூன்றாவதிலிருந்துதான் அடி அடியாக இருந்தது.

வரவில்லை. அப்போது அத்தை, "விடு தாயி, நான் எடுத்துவிடுகிறேன்" என்று விரலை நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக மாமியாரின் கையைத் தட்டிவிட்டேன். கண்ணுக்குத் தெரிகிற பொருளை மட்டுமே, தொட்டால் உள்ளே போகாது என்று உறுதியானால் மட்டுமே எடுக்கலாம். தெரியாததைத் துழாவக் கூடாது. வழுவழுப்பான திராட்சை விரல் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

தலையையும் கழுத்தையும் தாங்கிக்கொண்டு மல்லாக்கத் திருப்பினேன். இப்போதும் தலை தாழ்வாகத்தான். முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் மேல், ஐந்து அழுத்து. வயிற்றுக்குப் பதில் கைக்குழந்தைக்கு இதுதான். நெஞ்சில் மீதமிருக்கும் காற்று பொருளை வெளியே தள்ள வேண்டும். முன்பு இதற்கு இரண்டு விரல்களை வைக்கச் சொல்வார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தச் சொல்லியிருக்கிறது. எனக்கு அன்று தெரிந்தது இரண்டு விரல்தான், அதைத்தான் செய்தேன்.

இதற்கிடையில் அத்தை 108ஐ அழைத்தார், கொல்லைப் பக்கத்தில் நின்றபடி. எடுத்தவர் தமிழில் பேசியதும் அத்தைக்கு ஏக நிம்மதி. "எங்கள் வீட்டுப் பின்னால் பிள்ளையார் கோயில்" என்று ஆரம்பித்துவிட்டார். எந்த மாவட்டம் என்று அவர் கேட்டபோது அத்தை இடுக்கி என்றார். அழைப்பு மலைக்குக் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மனிதர் பதறாமல் விவரம் வாங்கி இந்தப் பக்கம் தெரியப்படுத்தினார். குற்றம் டவருடையது, அவருடையதல்ல. ஆனால் நிமிடங்கள் போயின. எல்லையோரம் குடியிருப்பவர்கள் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியவை மாநிலம், மாவட்டம், ஊர். பிள்ளையார் கோயில் அதற்குப் பிறகு. தனியாக இருந்தால் ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் குழந்தைக்குக் கொடுங்கள்.

வாசலில் ஆட்டோ சேட்டன் வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஏறு, ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருடைய நல்ல மனசை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த ஆட்டோவில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குலுங்குகிற வண்டியில், மடியில் குழந்தையை வைத்து ஒரு அடிகூட ஒழுங்காக விழாது. மூச்சு முழுவதும் அடைபட்டால் மூளைக்குச் சில நிமிடங்கள்தான் அவகாசம். எந்த ஆஸ்பத்திரியும் அந்தத் தொலைவில் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் திண்ணைதான் ஆஸ்பத்திரி. ஏறமாட்டேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

மறுபடி குப்புற. மறுபடி ஐந்து. நான்காவது அடியில் என் தொடைமேல் ஏதோ ஈரமாக விழுந்தது. திராட்சை, தோல் கிழிந்து, முழுசாக. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவள் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்ததைப் பார்த்து மூத்தவன் பயந்துபோய் அழ ஆரம்பித்தான்.

அவள் துவண்டு போயிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு சிஸ்டரிடம் உட்கார்ந்து முழுக்கண்ணால் கற்றுக்கொண்டேன். அப்போது முதுகில் அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். கெட்டியான தரையில் கிடத்தி, வாயைத் திறந்து பார்த்து, தெரிகிறதை மட்டும் எடுத்து, நெஞ்சை 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு ஊத வேண்டும். கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் ஆழம், மூத்தவனுக்கு 5. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. கைக்குழந்தைக்கு மூச்சு ஊதும்போது அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து நம் வாயால் மூட வேண்டும். ஒவ்வொரு முறை ஊதும் முன்பும் வாய்க்குள் ஒரு பார்வை. அழுத்தின அழுத்தில் பொருள் மேலே ஏறி வந்திருக்கலாம். குழந்தை தானாக மூச்சு விடும்வரை அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் கைமாற்றிக்கொள்ளும்வரை இது ஓயக் கூடாது.

ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே சீட்டு எழுதுபவர் குழந்தையின் ஆதார் அட்டை கேட்டார். ஒன்பது மாதம் என்றேன். "அப்படியென்றால் அப்பாவுடையது" என்றார். அப்பா ஏலக்காய் ஏலத்தில் இருந்தார், அட்டையும் அவர் சட்டைப்பையில். பத்து நிமிடம் அந்த ஜன்னலில் நின்றேன், இடுப்பில் முதுகு சிவந்த குழந்தையோடு. கடைசியில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி மலையாளத்தில் போட்ட சத்தத்தில்தான் சீட்டு கிடைத்தது.

பணியில் இருந்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "ஒன்றும் இல்லை, போகலாம்" என்றார். பன்னீர் திராட்சையில் விதை உண்டு. தோல் கிழிந்திருந்ததே, ஒன்று நழுவி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால்? விதை, கடலை, தேங்காய்த் துண்டு போன்றவை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. படம் சுத்தமாக இருப்பதால் உள்ளே சுத்தம் என்று ஆகாது. இதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று நின்றேன். பிறகு வந்த குழந்தை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். ஒரு பக்கம் காற்று குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன் என்றார். சமமாக இருந்தது. இரவு தங்கவைத்து, விடாத இருமலோ, மூச்சில் விசில் சத்தமோ, காய்ச்சலோ வந்தால் எத்தனை நாள் கழித்தும் வர வேண்டும், உள்ளே குழாய் விட்டுப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். ஒன்றும் வரவில்லை.

இப்போது கொல்லைக் கதவின் பின்னால் கரிக்கட்டையில் எழுதியிருக்கிறது: கேரளம், இடுக்கி, குமுளி. அத்தை எழுதியது. திராட்சை வந்தால் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நான்காக அரிந்து, விதையை நகத்தால் நெம்பி எடுத்துப் பிசைந்துதான் சின்னவளுக்குக் கொடுக்கிறார். அரைக் கிண்ணம் அரிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். "இந்தப் பாடு படுவதற்குக் கேழ்வரகுக் கூழே காய்ச்சியிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்ததை எடுக்கிறார்.