118-க்குள் இருந்த 18

எட்டாம் வகுப்பில் வரிக் கணக்கு என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். பொருளின் விலை இவ்வளவு, ஜி.எஸ்.டி. இத்தனை சதவீதம், கட்ட வேண்டிய தொகை என்ன? பிள்ளைகள் பெருக்கிக் கூட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்கு வரும் சூப்பர் மார்க்கெட் பில்லில் கணக்கு தலைகீழாக இருக்கும். எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. அங்கே வரியைக் கூட்ட வேண்டியதில்லை, உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்காகத்தான் பில்லை வைத்து இரண்டு பீரியட் பாடம் போட்டேன்.

முதல் முறை சொதப்பியது நான்தான். ஒரு பில் கிழியாமல் இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தேன், முழுக்கக் கறுப்பாகத் திரும்பி வந்தது. பில் காகிதத்தில் எழுத்து சூட்டில்தான் பதிகிறது என்பது அப்போது நினைவில்லை. இப்போதெல்லாம் கையில் கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறேன்.

நிஜ பில்லை எடுத்த எடுப்பில் கொடுப்பதும் இல்லை. பைசா கணக்கிலேயே பாதிப் பேர் தொலைந்துபோவார்கள். அதனால் முதல் பீரியடுக்கு நானே ஒரு பில்லைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்:

தக்காளி 1 கிலோ – 30 (வரி இல்லை)
சமையல் எண்ணெய் 1 லிட்டர் – 168 (5%)
குளியல் சோப்பு – 42 (5%)
சலவைத் தூள் – 118 (18%)
மொத்தம் – 358

"சலவைத் தூளில் வரி எவ்வளவு?" என்று மட்டும் கேட்பேன். போன முறை வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 118-இல் 18 சதவீதம் கண்டுபிடித்து 21.24 என்றார்கள். தவறு என்று நான் சொல்லவில்லை. "சரி, வரியைக் கழித்துவிடு. கடைக்காரர் அந்த விலைக்கு மேல் 18% வரி போட்டால் எவ்வளவு வரும்?" என்றேன். கழித்தால் 96.76. அதன் மேல் 18 சதவீதம் போட்டால் ஏறக்குறைய 114.18. "டீச்சர், 118 வரலியே!" என்று மூன்றாவது பெஞ்சிலிருந்து குரல் வந்தது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஐந்து நிமிடமாவது அவர்களே முட்டிமோதட்டும்.

பிறகு அடிப்படை விலையை 100 என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். வரி 18, ஆக விற்பனை விலை 118. அப்படியானால் 118 பங்கில் 18 பங்குதான் வரி. சலவைத் தூளில் வரி 18 ரூபாய். எண்ணெயிலும் சோப்பிலும் 105 பங்கில் 5 பங்கு. எண்ணெயில் 8, சோப்பில் 2. எதன் மேல் எடுத்த சதவீதம் என்று கேட்கும் பழக்கம் இங்கேதான் வருகிறது.

21.24-க்கும் 18-க்கும் உள்ள 3.24 எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது 18-இல் 18 சதவீதம். "வரிக்கும் வரி போட்டுட்டோம் டீச்சர்" என்றாள். நான் யோசித்து வைத்திருந்த விளக்கம் இதைவிட நீளம்.

அடுத்து பில்லின் அடியில் இருக்கும் சின்ன அட்டவணை. 5 சதவீத வரிசையில் அடிப்படை விலை 200, சி.ஜி.எஸ்.டி. 5, எஸ்.ஜி.எஸ்.டி. 5. 18 சதவீத வரிசையில் 100, 9, 9. மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி. வரியில்லாத தக்காளி 30-ஐயும் சேர்த்தால் 330, அதனுடன் வரி 28, மொத்தம் 358. இந்தக் கூட்டல் இடிக்காமல் வந்தால் செய்தது சரி என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும், என்னிடம் நோட்டை நீட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் பீரியடில் வீட்டு பில்கள். இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஒருவன் பில்லில் சோப்புக்கு 18 சதவீதம், இன்னொருத்தி பில்லில் 5. இருவரும் சண்டைக்கே போய்விட்டார்கள். தேதியைப் பார்க்கச் சொன்னேன். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கு வரி குறைந்தது, அவனுடையது அதற்கு முந்தைய பில். இப்போது பில்லில் முதலில் தேதிக்கு வட்டம் போட வைக்கிறேன்.

தள்ளுபடியை ஒரே ஒரு கணக்கில் முடித்துவிடுவேன். அதே சலவைத் தூளுக்கு 10 சதவீதம் தள்ளுபடி என்றால் 106.20. அதில் அடிப்படை விலை 90, வரி 16.20. வரியும் சேர்ந்து குறைகிறது.

ஒரு பையன் அண்ணாச்சி கடைத் துண்டுச்சீட்டைக் கொண்டுவந்திருந்தான். வரி என்ற வார்த்தையே அதில் இல்லை. "அண்ணாச்சி ஏமாத்துறாரா டீச்சர்?" என்று கேட்டான். சரக்கு விற்கும் கடையின் ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாகப் பதிவு தேவையில்லை, அவர் பில்லில் தனியாக வரி வாங்கவும் முடியாது என்றேன். "அப்போ அங்கே வாங்குற சோப்புல வரி இல்லையா?" என்றான். அவர் மொத்தக் கடையில் வாங்கும்போதே கட்டிய வரி அந்த எம்.ஆர்.பி.க்குள் இருக்கிறது என்றேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சோப்புக்கு நேராகப் பென்சிலால் 105 என்று எழுதிக்கொண்டான்.